குரல் கேட்கிறது, தூக்கம் இல்லை: மனநலத் தேர்வில் நோயையும் முதல் மருந்தையும் பிரித்தறிதல்

24 வயது இளைஞர். சில வாரங்களாகச் சரியான தூக்கம் இல்லை. அருகில் யாரும் இல்லாதபோதும் தன்னைப் பற்றி யாரோ பேசும் குரல் கேட்கிறது என்கிறார். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நெஞ்சு படபடக்கிறது, மனது சரியில்லை என்றும் சொல்கிறார். நோய் என்ன? முதலில் எந்த மருந்து? ரிஸ்பெரிடோன் மட்டும், லித்தியத்துடன் ஓலன்சபைன், செர்ட்ரலினுடன் ஓலன்சபைன், செர்ட்ரலின் மட்டும் என்று நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. மாயக்குரல் மனச்சிதைவிலும் வரும், கடுமையான மனச்சோர்விலும் வரும், மேனியாவிலும் வரும். தூக்கமின்மையும் படபடப்பும் எல்லாவற்றிலும் உண்டு. ஆகவே கேள்வி தயாரிப்பவர் இன்னும் இரண்டு மூன்று வாக்கியங்களைச் சேர்த்தாக வேண்டும். அந்த வாக்கியங்கள் புதிய அறிகுறி எதையும் பெரும்பாலும் சொல்வதில்லை. எது முதலில் தொடங்கியது, எது எவ்வளவு காலம் தனியாக ஓடியது என்பதைத்தான் சொல்கின்றன. நீட் பிஜி ஆனாலும் எஃப்எம்ஜிஇ ஆனாலும் எம்பிபிஎஸ் வாய்மொழித் தேர்வு ஆனாலும் இதே கதைதான்.

நோய்வாரியாக அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்பவர்கள் இந்தக் கேள்விகளில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே என்பது என் எண்ணம். பட்டியல்கள் ஒன்றோடொன்று பாதிக்கு மேல் ஒத்துப்போகின்றன. மாறாக, கேள்வித்தாளின் ஓரத்தில் இரண்டு கோடுகள் போட்டுப் பாருங்கள். மேல் கோடு மனநிலைக்கு: மனச்சோர்வோ மேனியாவோ எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. கீழ்க் கோடு சைக்கோசிஸுக்கு: மாயக்குரலும், அசைக்க முடியாத பொய் நம்பிக்கையான டெல்யூஷனும் எப்போது தொடங்கின, எப்போது நின்றன. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கீழ்க் கோடு மேல் கோட்டைத் தாண்டித் தனியாக ஓடுகிறதா என்ற ஒரே கேள்வி மிஞ்சும். அதே இளைஞரை வைத்தே இதைச் செய்து பார்க்கலாம்.

முதல் வடிவம். மூன்று மாதங்களாக அவருக்கு எதிலும் ஈடுபாடு இல்லை, எடை குறைந்துவிட்டது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, தன்னால் குடும்பத்துக்குப் பாரம் என்று அழுகிறார். குரல் கேட்கத் தொடங்கியது கடந்த மூன்று வாரங்களில்தான். அது ‘நீ பாவி, நீ வாழத் தகுதியற்றவன்’ என்கிறது. மனச்சோர்வு தொடங்குவதற்கு முன் அவர் நன்றாகவே இருந்தவர். மேல் கோடு நீளம், கீழ்க் கோடு குட்டை. குட்டைக் கோடு முழுவதும் நீளக் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இது சைக்கோசிஸ் குறிகளுடன் கூடிய மனச்சோர்வு. குரல் சொல்லும் செய்தியும் மனச்சோர்வின் நிறத்திலேயே இருப்பதால் குழப்பம் குறைவு. இங்கே ஆன்டிடிப்ரசன்ட் மட்டும் கொடுத்தாலும் போதாது, ஆன்டிசைக்காட்டிக் மட்டும் கொடுத்தாலும் போதாது. இரண்டும் சேர்ந்ததே முதல் வரிசை. செர்ட்ரலினுடன் ஓலன்சபைன் என்ற விடை இங்கேதான் பொருந்துகிறது. கேள்வியில் ‘உணவும் தண்ணீரும் மறுக்கிறார்’ என்றோ ‘நேற்றுத் தூக்கிட முயன்றார்’ என்றோ ஒரு வரி இருந்தால் விடை மின்னதிர்வுச் சிகிச்சைக்கு மாறிவிடும். மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகும் என்பதால் அது வேகத்துக்காக எடுக்கும் முடிவு. கடைசிப் புகலிடமாக அதை நினைப்பவர்கள் இந்த மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

இரண்டாம் வடிவம். இரண்டு ஆண்டுகளாக நண்பர்களை விட்டு ஒதுங்கினார், குளிப்பதைக்கூட நினைவூட்ட வேண்டியிருந்தது. குரல்கள் கேட்கத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன; அவை தங்களுக்குள் அவரைப் பற்றி விமர்சித்துப் பேசிக்கொள்கின்றன. ‘மனது சரியில்லை’ என்று அவர் சொல்லத் தொடங்கியது கடந்த மூன்று வாரங்களாக. கீழ்க் கோடுதான் இப்போது நீளம். இது மனச்சிதைவு. நடுவில் சில வாரங்கள் மனச்சோர்வு வந்தாலும் மொத்தக் காலத்தில் அது சிறு பகுதி என்பதால் நோயின் பெயர் மாறாது. முதல் மருந்து ரிஸ்பெரிடோன் போன்ற இரண்டாம் தலைமுறை ஆன்டிசைக்காட்டிக்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். மனச்சிதைவின் எதிர்மறைக் குறிகளைப் பலர் மனச்சோர்வு என்று எழுதிவிடுகிறார்கள். இருவருமே பேசுவதில்லை, வெளியே போவதில்லை, முகத்தில் உயிர்ப்பில்லை. ஆனால் மனச்சோர்வு உள்ளவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலி தெரியும்: குற்ற உணர்வு, நம்பிக்கையின்மை, சாகவேண்டும் என்ற எண்ணம். எதிர்மறைக் குறி உள்ளவரிடம் அந்த வலி பொதுவாக இருக்காது. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்றால் ‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல் வரும், அதுவும் தட்டையாக. கேள்வியில் ‘உணர்ச்சி வெளிப்பாடு மழுங்கியிருக்கிறது’ என்று எழுதியிருந்தால் அது இதைத்தான் சுட்டுகிறது. அதைச் சோகம் என்று வாசிக்கக் கூடாது.

மூன்றாம் வடிவம்தான் மாணவர்களை அதிகம் கவிழ்ப்பது. ஓராண்டாக நோய் நிற்காமல் தொடர்கிறது. பெரும்பகுதிக் காலம் மனச்சோர்வோ மேனியாவோ கூடவே இருந்திருக்கிறது. ஆனால் நடுவே மூன்று வாரங்கள் மனநிலை முற்றிலும் சரியாக இருந்தது. அந்த மூன்று வாரங்களிலும் குரல் மட்டும் நிற்கவில்லை. அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 கேட்கும் நிபந்தனைகள் இரண்டும் நிறைவேறிவிட்டன. மனநிலைக் கோளாறு இல்லாமல் குறைந்தது இரண்டு வாரமாவது டெல்யூஷனோ மாயக்குரலோ தனியாக இருந்திருக்க வேண்டும்; மனநிலைக் கோளாறு மொத்த நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் இருந்திருக்க வேண்டும். முதல் நிபந்தனை இதை மனநிலை நோயிலிருந்து பிரிக்கிறது, இரண்டாவது மனச்சிதைவிலிருந்து பிரிக்கிறது. இது ஸ்கிசோஅஃபெக்டிவ் கோளாறு. இதற்கென்றே அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்த மருந்து பாலிபெரிடோன். அதனால் அது விடைகளில் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். மேனியா வகை என்றால் லித்தியம் போன்ற மூட் ஸ்டெபிலைசரும், மனச்சோர்வு வகை என்றால் ஆன்டிடிப்ரசன்டும் தேவைக்கேற்பச் சேரும்.

‘இரண்டு வாரம்’ என்ற எண் இருவேறு பொருளில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். மனச்சோர்வைக் கண்டறியவும் இரண்டு வாரம்தான் குறைந்தபட்சம். எண்ணை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், ‘இரண்டு வாரங்களாகக் குரல் கேட்கிறது’ என்ற வரியைப் பார்த்தவுடனே ஸ்கிசோஅஃபெக்டிவ் என்று எழுதிவிடுவார். குரல் இரண்டு வாரம் இருந்ததா என்பதல்ல கேள்வி. மனநிலை சரியாக இருந்தபோதும் இருந்ததா என்பதே.

நான்காம் வடிவத்தில் அந்த இளைஞர் பத்து நாட்களாக இரவில் இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறார், ஆனால் களைப்பே இல்லை. நிறுத்தாமல் பேசுகிறார். கடன் வாங்கி மூன்று பைக்குகளுக்கு முன்பணம் கட்டிவிட்டார். தனக்கு நாட்டை ஆளும் பொறுப்பு கொடுக்கப்பட்டிருப்பதாகவும், அதைப் பற்றிக் குரல்கள் விவாதிப்பதாகவும் சொல்கிறார். இது சைக்கோசிஸ் குறிகளுடன் கூடிய மேனியா. ஆகவே பைபோலார் முதல் வகை. ஒரே ஒரு மேனியா போதும், மனச்சோர்வு வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மேனியாவுக்கு ஒரு வாரம் வேண்டும்; மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவு கடுமை என்றால் அந்த ஒரு வாரமும் தேவையில்லை. ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாட்கள். அங்கே சைக்கோசிஸ் இருக்கவே கூடாது. இருந்தால் அது தானாகவே மேனியா ஆகிவிடும்.

இங்கே விரிக்கப்படும் வலை, குரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. குர்ட் ஷ்னைடர் வகுத்த முதல்தரக் குறிகளில் அது ஒன்று என்று படித்தவர்கள் உடனே மனச்சிதைவு என்று முடிவு கட்டுகிறார்கள். அந்தக் குறிகள் மேனியாவிலும் வரும். டிஎஸ்எம்-5 அவற்றுக்குக் கொடுக்கப்பட்டிருந்த தனிச் சலுகையையும் நீக்கிவிட்டது. குரல் என்ன பேசுகிறது என்பதைவிட, எந்த மனநிலைக்குள் பேசுகிறது என்பதுதான் முக்கியம்.

இந்த நான்கு வடிவங்களிலும் தூக்கம் கெட்டிருந்தது. ஆனால் கெட்ட விதம் வேறு. மனச்சோர்வில் விடியலுக்கு முன் விழிப்பு வந்து மீண்டும் தூக்கம் வராது, காலைப்பொழுது மிக மோசமாக இருக்கும். மேனியாவில் தூக்கமே தேவைப்படுவதில்லை. இரண்டு மணி நேரம் தூங்கியவர் ஐந்து மணிக்கு எழுந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். பதற்றத்தில் படுத்தால் தூக்கம் பிடிக்காது, நாளைக் கவலைகள் ஓடும், மறுநாள் உடல் சோர்ந்துகிடக்கும். ‘தூக்கமின்மை’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அதை விட்டுவிடலாம். ‘களைப்பின்றி’ என்ற ஒரு சொல் சேர்ந்திருந்தால் அதன் கீழே கோடு போடுங்கள்.

பதற்றக் கோளாறுகள் இந்தக் கோட்டுக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அவற்றில் சைக்கோசிஸ் இல்லை; தன் பயம் அளவுக்கு மீறியது என்ற உணர்வு பெரும்பாலும் இருக்கும். அந்த இளைஞரின் கதையிலிருந்து குரலை எடுத்துவிட்டு, ‘திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்ற பயம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அடங்குகிறது, இசிஜி சரியாக இருக்கிறது’ என்று போட்டால் அது பீதித் தாக்குதல். அதை பேனிக் கோளாறு என்று சொல்ல, அந்தத் தாக்குதல்கள் எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வரவேண்டும். அதன்பின் ஒரு மாதமாவது ‘மறுபடியும் வருமோ’ என்ற பயமோ, அதற்காகப் பஸ்ஸில் ஏறாமல் இருப்பது போன்ற நடத்தை மாற்றமோ வேண்டும். ஒரு தாக்குதல் வந்தவுடனே கோளாறு என்று எழுதக் கூடாது. எல்லாவற்றையும் பற்றி ஆறு மாதங்களாகக் கவலை, தசை இறுக்கம், எரிச்சல் என்று போனால் பொதுப் பதற்றக் கோளாறு.

பதற்றத்தையும் மனச்சோர்வையும் பிரிக்கும்போதும் காலக் கோடு உதவுகிறது. கவலை மனச்சோர்வுக் காலத்துக்குள் மட்டுமே இருந்தால் பதற்றக் கோளாறு என்று தனியாகப் பெயர் வைப்பதில்லை. பதற்றம் கலந்த மனச்சோர்வு என்றே எழுத வேண்டும். மனச்சோர்வு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கவலைப்படும் சுபாவமாக இருந்தால் இரண்டு நோய்களும் உண்டு. நல்லவேளையாக, மருந்து இரண்டிலும் ஒன்றுதான்: செர்ட்ரலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ. வேறுபாடு தொடங்கும் அளவில். மனச்சோர்வுக்கு செர்ட்ரலினை 50 மில்லிகிராமில் தொடங்கலாம். பேனிக் நோயாளிக்கு 25-இல் தொடங்க வேண்டும். முதல் சில நாட்களில் எஸ்எஸ்ஆர்ஐ தானே படபடப்பைக் கூட்டும், பயந்துபோன நோயாளி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார். ‘மருந்து தொடங்கிய மூன்றாம் நாளில் பதற்றம் கூடியது’ என்ற கேள்விக்கு இதுதான் விடை. நோயின் பெயரை மாற்றத் தேவையில்லை.

பதற்றத்தில் இன்னொரு பிரிவினை, ‘இப்போதைக்கு’ என்பதும் ‘தொடர்ந்து’ என்பதும். அவசரப் பிரிவில் இப்போது நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு லோராசெபாம் போன்ற பென்சோடயசெபைன். வாரக்கணக்கில் தொடர எஸ்எஸ்ஆர்ஐ அல்லது வென்லாஃபாக்சின். பஸ்பிரோன் பொதுப் பதற்றத்துக்கு மட்டும்; அது வேலை செய்ய வாரங்கள் ஆகும், பீதித் தாக்குதலுக்கு அதை எழுதினால் தவறு. மேடையில் பேசும்போது மட்டும் கை நடுங்குபவருக்கு ஒரு மணி நேரம் முன்பாக ப்ரொப்பனலால், ஆஸ்துமா இல்லாவிட்டால். பாம்பு, உயரம் போன்ற குறிப்பிட்ட பயத்துக்கு மருந்தே விடை இல்லை; படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ள வைக்கும் பயிற்சிதான் விடை. ஓசிடி எனப்படும் எண்ணச்சுழல் நோயையும் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் நோயையும் டிஎஸ்எம்-5 பதற்றப் பிரிவிலிருந்து 2013-இலேயே வெளியே எடுத்துவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அங்கேயே வைத்திருக்கின்றன.

இனி, எழுதும் மருந்தால் கேடு விளையக்கூடிய இடம்: மனச்சோர்வுடன் வரும் பைபோலார் நோயாளி. 28 வயதுப் பெண், ஆறு வாரங்களாக மனச்சோர்வு, குரல் எதுவும் இல்லை. கேள்வி இங்கே முடிந்திருந்தால் செர்ட்ரலின். ஆனால் கடைசி வரியில், ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரம் தூங்காமல் புதுத் தொழில் தொடங்கினார், அப்போது அவரைத் தடுக்க முடியவில்லை என்று அண்ணன் சொல்கிறார்’ என்று இருக்கிறது. நோயாளி தானாக இதைச் சொல்லமாட்டார். அவருக்கு அது வாழ்வின் நல்ல காலம். அதனால்தான் தகவல் அண்ணன் வாயிலாக வருகிறது. கேள்வியில் உறவினர் வாய் திறந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். இங்கே ஆன்டிடிப்ரசன்டைத் தனியாகக் கொடுத்தால் அவர் மேனியாவுக்குத் தாவலாம். க்வெட்டியபைன், லுரசிடோன், அல்லது ஓலன்சபைன்-ஃப்ளூவாக்சிட்டின் கூட்டு ஆகியவற்றில் எது விடைகளில் இருக்கிறதோ அதுவே முதல் மருந்து. லாமோட்ரிஜின் மேனியாவை அடக்காது; மனச்சோர்வு திரும்புவதைத் தடுப்பதே அதன் பலம். அதை வாரக்கணக்கில் மெல்ல ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் ஆபத்து. கூடவே வால்ப்ரோவேட் இருந்தால் லாமோட்ரிஜினின் இரத்த அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆகவே அளவைப் பாதியாக்க வேண்டும்.

மேனியாவுக்கு லித்தியமா, வால்ப்ரோவேட்டா, ஆன்டிசைக்காட்டிக்கா என்ற கேள்விக்கு எந்த மருந்து சிறந்தது என்று தேடினால் விடை கிடைக்காது. மூன்றும் முதல் வரிசைதான். எதைக் கொடுக்கக் கூடாது என்று தேடினால் சட்டென்று கிடைக்கும். கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோவேட் கூடாது. குழந்தைக்கு நரம்புக்குழல் குறைபாடும் அறிவு வளர்ச்சிக் குறைவும் வரலாம். கல்லீரல் நோய் இருந்தாலும் அது வேண்டாம். கிரியேட்டினின் உயர்ந்திருந்தால் லித்தியம் கூடாது. இன்றைக்கே கட்டுப்படுத்த வேண்டிய அளவு மூர்க்கமாக இருந்தால் லித்தியம் மட்டும் உதவாது; அது முழுமையாக வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஆகவே ஆன்டிசைக்காட்டிக்குடன் தொடங்க வேண்டும். நீண்ட காலத்துக்குத் திரும்ப வராமல் தடுக்க, அதிலும் தற்கொலை ஆபத்து உள்ளவருக்கு, லித்தியத்தை வெல்ல வேறில்லை. ஜான் கேட் 1949-இல் ஆஸ்திரேலியாவில் அதை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றும் அதன் இடத்தை யாரும் பிடிக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு வியப்பு உண்டு.

லித்தியத்தை அருகில் வைத்துப் பார்க்கவேண்டிய ஒரு கதை: 52 வயதுப் பெண், பல ஆண்டுகளாக லித்தியத்தில் நன்றாக இருந்தவர். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஹைட்ரோகுளோரோதயசைடு தொடங்கப்பட்டது. முழங்கால் வலிக்குத் தானே கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிச் சாப்பிட்டார். இப்போது வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பெரிதாக நடுங்குகிறது, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, இடம் தெரியாமல் பேசுகிறார். குடும்பத்தார் ‘பழைய நோய் திரும்பிவிட்டது’ என்கிறார்கள். விடைகளில் ‘ஹாலோபெரிடால் ஊசி’ காத்திருக்கும். சரியான விடை, லித்தியத்தை நிறுத்தி இரத்த அளவு பார்ப்பது. தயசைடும் ஐபுப்ரோஃபெனும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிட்டன. கடுமையான மேனியாவில் இரத்த அளவை லிட்டருக்கு 0.8 முதல் 1.2 மில்லிஈக்விவலென்ட் வரை வைத்திருப்போம், தொடர் சிகிச்சையில் 0.6 முதல் 1.0; 1.5-ஐத் தாண்டினால் நச்சு. கடைசி மாத்திரை சாப்பிட்ட 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்துக்கே இந்த எண்கள் பொருந்தும். நச்சு என்ற ஐயம் இருந்தால் நேரம் பார்த்துக் காத்திருக்காமல் உடனே எடுக்க வேண்டும். உப்புநீர் ஏற்றுவதில் தொடங்கி, நினைவு மங்கினாலோ வலிப்பு வந்தாலோ டயாலிசிஸுக்குப் போகவேண்டும். சாதாரண மருந்தளவில் லித்தியம் தரும் மெல்லிய விரல் நடுக்கத்தையும் இந்தப் பெரிய நடுக்கத்தையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

மனச்சிதைவிலும் இதே விலக்கும் முறைதான். முதல் மருந்தாக இரண்டாம் தலைமுறையில் எது கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே, க்ளோசபைன் நீங்கலாக. ஆகவே பக்கவிளைவைப் பார்த்து விலக்குங்கள். உடல் பருமனும் சர்க்கரை நோயும் இருந்தால் ஓலன்சபைன் வேண்டாம், அரிப்பிப்ரசோல் இருக்கட்டும். மாதவிடாய் நின்று, மார்பில் பால் சுரக்கிறது என்றால் அது ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை உயர்த்தியதன் விளைவு. க்ளோசபைன் மிகச் சக்திவாய்ந்தது என்பதாலேயே அதை முதல் மருந்தாக எழுதுபவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு ஆன்டிசைக்காட்டிக்குகளைப் போதுமான அளவில் தலா ஆறு வாரமாவது ஒழுங்காகச் சாப்பிட்டும் பயனில்லை என்ற பிறகே அதன் முறை வரும். ‘ஒழுங்காகச் சாப்பிட்டும்’ என்பதைக் கேள்வி சொல்லவில்லை என்றால், மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்று பார்ப்பதுதான் அடுத்த படி. நீண்டகாலம் நிற்கும் ஊசி அங்கே விடையாகலாம். க்ளோசபைன் கொடுத்தால் நியூட்ரோஃபில் எண்ணிக்கையைத் தொடக்கத்தில் வாரந்தோறும் பார்க்கவேண்டும்.

எந்தப் புத்தகத்தின்படி விடை என்பதும் தகராறு செய்யும். மூன்று மாதங்களாகக் குரலும் டெல்யூஷனும் இருப்பவர், டிஎஸ்எம்-5 படி ஸ்கிசோஃப்ரினிஃபார்ம். ஏனெனில் மனச்சிதைவுக்கு அங்கே ஆறு மாதம் வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிந்தால் குறுங்கால சைக்கோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 படி அதே மனிதருக்கு மனச்சிதைவு. அங்கே ஒரு மாதமே போதும். விடைகளில் ஸ்கிசோஃப்ரினிஃபார்ம் என்ற சொல் இருந்தால் கேட்பவர் டிஎஸ்எம் பக்கம் நிற்கிறார் என்று கொள்ளலாம். மருந்தில் மாற்றமில்லை என்பது ஆறுதல்.

நம் ஊர் வாய்மொழித் தேர்வில் மட்டும் வரும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று நோயாளி சொன்னவுடன் டெல்யூஷன் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் அப்படி நம்பினால் அது அந்தச் சூழலின் நம்பிக்கை. கூட வந்த தாய், ‘நாங்களும் நம்புகிறவர்கள்தான் டாக்டர், ஆனால் இவன் சொல்வது எங்களுக்கே பொருந்தவில்லை, கைக்கடிகார முள் வழியாக அனுப்புகிறார்கள் என்கிறான்’ என்று சொன்னால், அப்போது அது டெல்யூஷன்.

கடைசியாக, மூன்று பிரிவுகளிலும் விடை இருப்பதுபோலத் தோன்றி, மூன்றிலுமே இல்லாத ஒரு கேள்வி. முதலில் பார்த்த அந்த இளைஞருக்கு மனச்சிதைவு என்று முடிவாகி, ஹாலோபெரிடால் தொடங்கப்பட்டது. நான்காம் நாள் அவரால் உட்கார முடியவில்லை. வார்டில் இங்குமங்கும் நடக்கிறார், நின்றால் கால் மாற்றி மாற்றி நிற்கிறார், ‘உள்ளுக்குள் என்னவோ செய்கிறது, தாங்க முடியவில்லை’ என்கிறார். சைக்கோசிஸ் முற்றிவிட்டது, மருந்தைக் கூட்டு என்று ஒரு விடை. மேனியா வெளிப்படுகிறது, லித்தியம் சேர் என்று ஒன்று. பதற்றம், செர்ட்ரலின் கொடு என்று இன்னொன்று. இது அகத்தீசியா, அந்த மருந்தே தந்த அமைதியின்மை. தொந்தரவு கால்களில் அதிகம் என்பதும், மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில நாட்களில் வந்தது என்பதும், குரல்கள் முன்பைவிடக் கூடவில்லை என்பதும் அடையாளங்கள். தொடங்கிய சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கழுத்து திருகிக் கண் மேலே செருகினால் அது டிஸ்டோனியா, அதற்கு ப்ரோமெத்தசின் அல்லது பென்ஸ்ட்ரோபின் ஊசி. அகத்தீசியாவில் அவை பெரிதாக உதவுவதில்லை. ஹாலோபெரிடாலைக் குறைக்க வேண்டும் அல்லது வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும், ப்ரொப்பனலால் சேர்க்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் அதற்குப் பதிலாக க்ளோனசெபாம். டோஸைக் கூட்டினால் அவர் இன்னும் வேகமாக நடப்பார், சிலர் அந்த வேதனை தாங்காமல் தற்கொலைக்கும் முயல்வார்கள்.